மரம் மூத்ததா, கட்டடம் மூத்ததா?

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத் தலைமையாசிரியர்கள், அறிவியல் ஆசிரியர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில், ஊராட்சி ஒன்றியத்தில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக் கட்டடங்களைப் பார்வையிடுவதே பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. ஒரு பள்ளிக்குள் நுழைந்ததும் தலைமையாசிரியர் முதலில் காட்டுவது கழிப்பறையாக இருக்கும். அடுத்துக் காட்டுவது சுவர் விரிசலாக இருக்கும். விரிசலைக் காட்டிய கை அப்படியே திரும்பிப் பக்கத்தில் நிற்கும் மரத்தையும் காட்டும். "சார், இந்த மரத்தை எடுத்துட்டாச் சரியாப் போயிடும் இல்லையா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1990களின் நடுவில் அது நடந்தது. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் இரண்டு வகுப்பறை கொண்ட தொடக்கப் பள்ளி. கட்டி ஏழெட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. கிழக்குச் சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் பெரிய புளியமரம். மழை பொய்த்த ஒரு கோடையில் கிழக்கு மூலையில் விரிசல் விட்டது. நான் போய்ப் பார்த்து, மரத்தை அகற்றலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அன்று அங்கே நின்றிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இது எங்க அப்பன் காலத்து மரம். பள்ளிக்கூடம் நேத்து வந்தது" என்றார். மரத்தின் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்க மறந்த கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்லியிருக்கிறார் என்பது பின்னால்தான் புரிந்தது.

மரத்தை வெட்டினார்கள். முதல் ஐப்பசி மழையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு மழை முடிந்தபோது அந்த வகுப்பறையின் தரை கிழக்குப் பக்கமாக மேலே எழும்பியிருந்தது. நான் மட்டம் பிடித்துப் பார்த்தபோது நான்கு சென்டிமீட்டர் உயர்வு. கதவு நிலை கோணிக்கொண்டு கதவு திறக்கவில்லை. பழைய விரிசல் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தது. புதிய விரிசல் கீழே அகலமாக இருந்தது. அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். நிழலும் போயிற்று, அறையும் போயிற்று. கையெழுத்து என்னுடையது.

மரம் தள்ளுவதில்லை, குடிக்கிறது

வேர் கடைக்காலைப் பிளந்து உள்ளே போகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நன்றாகக் கட்டிய கடைக்காலை வேர் நுனி பிளப்பதில்லை. எளிதான வழி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது போகும். ஏற்கெனவே இருக்கும் வெடிப்பில் நுழையும், இல்லையென்றால் வளைந்து போகும். கட்டடத்தின் எடையை வேரால் தூக்க முடியாது. வேர் தூக்கக் கூடியவை நடைபாதை, சிமெண்டுத் தளம், சுற்றுச்சுவர் போன்ற எடை குறைந்த பொருள்கள்தான். அதுவும் மரத்தடியை ஒட்டி வேர் பருக்கும் இடத்தில்தான்.

வகுப்பறைக்கு வரும் கேடு வேறு வழியில் வருகிறது. நம் கரிசல் மண் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேல்மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காய்ந்தால் கட்டடம் முழுவதும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறும். ஒரு மூலையில் மட்டும் மரம் நின்றால் அந்த மூலையின் அடிமண்ணில் இருக்கும் ஈரத்தை வேர் ஆழம்வரை உறிஞ்சிவிடும். அந்த மூலை மட்டும் இறங்கும். மற்ற மூலைகள் அப்படியே இருக்கும். செங்கல் சுவரால் வளைய முடியாது. அதனால் வெடிக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 1976இல் இங்கிலாந்தில் கடும் வறட்சி வந்தபோது, களிமண் நிலத்தில் கட்டிய வீடுகள் ஏராளமாக விரிசல் விட்டன. கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த கட்லரும் ரிச்சர்ட்சனும் சேதமடைந்த கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையிலான தூரங்களைத் தொகுத்து 1981இல் நூலாக வெளியிட்டார்கள். ஓக் மரத்தால் வந்த சேதங்களில் முக்கால் பங்கு 13 மீட்டருக்குள் இருந்த மரங்களால் வந்தவை. மிகத் தொலைவில் இருந்த மரம் 30 மீட்டரில் நின்றது. ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிறதே என்று களிமண்ணில் நிம்மதியாக இருக்க முடியாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இப்போது என் புளியமரத்துக்கு வருவோம். அது கட்டடத்துக்கு முன்பே அங்கே நின்ற மரம். பல ஆண்டுகள் அது உறிஞ்சி உலர்த்திய மண்ணின் மேல்தான் கடைக்கால் போட்டிருந்தோம். மரத்தை வெட்டியதும் உறிஞ்ச ஆள் இல்லை. மழை ஈரம் மெல்ல மெல்ல இறங்கியது. சுருங்கியிருந்த மண் ஊதித் தரையைத் தூக்கியது. மரம் கட்டடத்துக்குப் பின் வந்ததாக இருந்தால் கதை வேறு. அப்போது கட்டடம் ஈரம் குறையாத பழைய மண்ணில் எழுந்தது. மரத்தை எடுத்தால் மண் அந்தப் பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஆகவே வெட்டலாமா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது: மரம் மூத்ததா, கட்டடம் மூத்ததா?

இதற்கு விடை உங்கள் பள்ளியிலேயே இருக்கும். திறப்பு விழாக் கல்வெட்டில் ஆண்டு இருக்கும். பழைய குழுப் புகைப்படத்தில் மரம் எவ்வளவு உயரம் என்று தெரியும். எதுவும் இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

மண்ணை ஆய்வகத்திலேயே சோதிக்கலாம்

நம் பகுதி முழுவதும் கரிசல் அல்ல. செவலும் சரளையும் உண்டு. அந்த மண்ணில் இந்த ஊதல், சுருங்கல் மிகக் குறைவு. ஒரே வளாகத்தில் மேலே செவல், ஒரு மீட்டர் கீழே கரிசல் என்றும் இருக்கும். எனவே கட்டடத்தின் அருகே ஒரு மீட்டர் ஆழத்தில் மண் எடுத்துச் சோதியுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கு ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் உள்ள பொருள்களே போதும்.

மண்ணை நன்றாக உலர்த்தி, பொடித்து, மிக மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். முறைப்படி 425 மைக்ரான் சல்லடை வேண்டும். 100 மி.லி. அளவுசாடிகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 கிராம் மண் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் 100 மி.லி. குறிவரை ஊற்றுங்கள். கலக்கிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, 24 மணி நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் படிந்த மண்ணின் கனஅளவைப் படியுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது, நீரில் ஊதும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மண்ணெண்ணெய் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் ஊதல் சதவீதம் கிடைக்கும்.

திருச்சுழிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி மண்ணைச் சோதித்தபோது மண்ணெண்ணெயில் 11 மி.லி., நீரில் 19 மி.லி. இருந்தது. வேறுபாடு 8, அதை 11ஆல் வகுத்தால் சுமார் 73 சதவீதம். 50க்குக் கீழே இருந்தால் பெரிதாகக் கவலை வேண்டாம். 50க்கு மேல் போனால் மரமும் மண்ணும் சேர்ந்து வேலை செய்யும் இடம் என்று கொள்ளுங்கள். 100ஐத் தாண்டினால் பொறியாளரை உடனே அழையுங்கள்.

விரிசல் என்ன சொல்கிறது?

அந்தத் திருச்சுழிப் பள்ளியின் கதையையே தொடர்கிறேன். கல்வெட்டில் 1974 என்று இருந்தது. வடமேற்கு மூலையிலிருந்து ஆறு மீட்டரில் ஒரு வேம்பு. 1980களின் இறுதியில் படித்த பிள்ளைகள் நட்டது. அதன் அடியில்தான் மதிய உணவு. விரிசலைப் பார்த்த பெற்றோர் சிலர் மரத்தை வெட்டச் சொன்னார்கள்; நட்டவர்களில் சிலரும் இப்போது பெற்றோராக அதே கூட்டத்தில் இருந்தார்கள், அவர்கள் கூடாது என்றார்கள். தலைமையாசிரியை நடுவில் மாட்டிக்கொண்டார்.

"சார், நீங்க ஒரு முடிவு சொல்லுங்க. பிள்ளைங்க மேல சுவர் விழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார்.

"டீச்சர், முதல்ல பிள்ளைங்களை அந்த அறையிலிருந்து மாத்துங்க. மரத்தைப் பத்தி ஒரு வருஷம் கழிச்சு முடிவு பண்ணலாம்" என்றேன்.

நான் ஏன் ஓராண்டு கேட்டேன்? மரத்தால் வரும் விரிசல் பருவத்தோடு நடக்கும். கோடையில் திறந்து, ஆவணி, புரட்டாசியில் உச்சத்துக்குப் போய், கார்த்திகை, மார்கழியில் சுருங்கும். ஒருநாள் பார்த்துச் சொல்ல முடியாது. கதவும் ஒரு சாட்சி. மரக்கதவு மழைக்காலத்தில் ஊதி இறுகுவது வழக்கம். உங்கள் கதவு கோடையில் இறுகி மழையில் தளர்ந்தால், கதவு அல்ல, நிலை நகர்கிறது என்று பொருள்.

எல்லா விரிசலுக்கும் மரம் காரணமல்ல. கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது. பூச்சில் மட்டும் வலை போலத் தெரியும் மயிரிழைகள் பூச்சு காய்ந்ததால் வருபவை. மரத்தால் வருவது மூலையை ஒட்டி, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, மேலே அகலமாகக் கீழே குறுகி இருக்கும். சுவரின் உள்ளும் புறமும் தெரியும். ஒழுகும் குடிநீர்க் குழாயும், சுவரடியில் கொட்டும் கூரைத் தண்ணீரும்கூட ஒரு பக்க மண்ணை மட்டும் ஊத வைத்து இதே போன்ற விரிசலை உண்டாக்கும். அவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

விரிசலை அளக்க இயற்பியல் ஆய்வகத்து வெர்னியர் அளவி போதும். விரிசலின் இரு பக்கமும் சுமார் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு திருகுகளைச் சுவரில் பதியுங்கள். மாதம் ஒருமுறை, காலை நேரத்தில், அவற்றின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து எழுதுங்கள். அந்த மாத மழையையும் பக்கத்தில் எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை அழகாகச் செய்தார்கள்.

அந்தப் பள்ளியில் விரிசலின் அகலம் சித்திரையில் 6.2 மி.மீ. ஆவணியில் 7.9. மார்கழியில் 3.1. வரைபடம் போட்டதும் கூட்டத்தில் சண்டை நின்றது. இறங்கும் மூலை மழைக்குப் பின் திரும்பி வருகிறது. அப்படியானால் மூலை நிரந்தரமாகச் சரியவில்லை, ஈரத்தோடு ஆடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் மார்கழி அளவே கூடிக்கொண்டு போனால் அது வேறு நோய். அப்போது காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விரிசல் 15 மி.மீ. தாண்டினாலும், அதன் வழியே வெளிச்சம் தெரிந்தாலும், உத்தரமோ கூரைத் தளமோ சுவரில் உட்கார்ந்த இடத்திலிருந்து விலகியிருந்தாலும் அளந்துகொண்டிருக்காதீர்கள். அறையைப் பூட்டி, அன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

வெட்டுவதற்கு முன்

அந்த ஓராண்டில் மூன்று வேலைகள் செய்தோம். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகச் சுவரிலிருந்து விலக்கி விட்டோம். கட்டடத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிப்புறம் சரிந்த சிமெண்டுத் தளம் போட்டோம். சுவரடி மண் சட்டென்று நனைவதையும் சட்டென்று காய்வதையும் அது குறைக்கும். வேம்பின் கிளைகளைக் கால் பங்கு கவாத்து செய்தோம். இலை குறைந்தால் மரம் குடிக்கும் நீரும் குறையும். ஆனால் மரம் மறுபடி தழைக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யாவிட்டால் பயனில்லை.

அடுத்த ஆவணியில் விரிசல் 5.4 மி.மீ.; மார்கழியில் 3.0. ஆட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விரிசலைத் தைத்துப் பூசினோம். ஆட்டம் அடங்குமுன் பூசியிருந்தால் அடுத்த கோடையிலேயே திறந்திருக்கும். வேம்பு இன்றும் நிற்கிறது. ஒருவேளை அடங்காமல் போயிருந்தாலும், அங்கே கட்டடமே மூத்தது என்பதால் வெட்டும் வழி திறந்திருந்தது. என் புளியமரப் பள்ளியில் அந்த வழி இல்லை. அங்கே கவாத்தும் ஈரக் கட்டுப்பாடும் மட்டுமே செய்திருக்க வேண்டும்.

வேரை வெட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கட்டைவிரலைவிடப் பருமனான வேரைத் தெரிந்தவர் இல்லாமல் வெட்டாதீர்கள். மரத்தடிக்கு அருகே வெட்டினால் மரத்தின் பிடியே போய்விடும். நம் பகுதியில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும். மேற்குப் பக்க வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறு. அதை அறுத்துவிட்டால் மரம் கிழக்கே சாயும். கிழக்கே வகுப்பறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டியே ஆக வேண்டும் என்று முடிவானால், பள்ளி வளாக மரம் அரசுச் சொத்து என்பதை நினைவில் வையுங்கள். தலைமையாசிரியரோ பெற்றோரோ ஊராட்சியோ தாமாக வெட்ட முடியாது. பொறியாளர் அறிக்கை, உங்கள் அளவுப் பதிவேடு, படங்கள் ஆகியவற்றோடு கல்வி அலுவலர் வழியாக வருவாய்த் துறைக்கு எழுத வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். வனத்துறை மதிப்பு போட்ட பிறகே ஏலம். பதிவேடு இருந்தால் இந்தக் கோப்பு நகரும். "மரம் இடைஞ்சலாக உள்ளது" என்ற ஒரு வரிக் கடிதம் நகராது. வெட்டிய பிறகு கடைக்காலுக்கு அடியில் போன வேரைத் தோண்டி எடுக்க வேண்டாம். அது அங்கேயே மக்கட்டும்.

சுற்றுச்சுவர் வேறு கணக்கு

சுற்றுச்சுவரின் கடைக்கால் ஆழம் குறைவு. மேலே கூரையின் பிடிப்பும் இல்லை. இங்கே மரம் உண்மையிலேயே தள்ளும். அடிமரமும் மேல்வேரும் பருத்துச் சுவரைச் சாய்க்கும். பிள்ளைகள் சாய்ந்து உட்காரும் சுவர் என்பதால் வகுப்பறையைவிட இதையே நான் அதிகம் அஞ்சுவேன்.

கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிடுங்கள். அடியில் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் சாய்வு தெரியும். சாய்வு சுவர்ப் பருமனில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால், எடை ஒரு பக்கமாகக் கூடி மறுபக்கக் கட்டு இழுபடத் தொடங்கும். ஒன்பது அங்குலச் சுவருக்கு அது ஏழரை சென்டிமீட்டர். அதை எட்டிவிட்டால் அன்றே கயிறு கட்டி, சுவரின் உயரத்தைவிடக் கூடுதல் தூரத்துக்கு இரு பக்கமும் ஆள் போகாமல் தடுத்து, அந்தப் பகுதியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. அதே திருச்சுழிப் பள்ளியில் சாலைப் பக்கச் சுவரை ஒரு புங்கமரம் ஒன்பது சென்டிமீட்டர் சாய்த்திருந்தது. மூன்று மீட்டர் நீளத்துக்குச் சுவரைப் பிரித்தோம். வேருக்கு இரு பக்கமும் தள்ளி இரண்டு தூண் எழுப்பி, இடையே தரைக்கு மேல் கான்கிரீட் உத்தரம் போட்டு, அதன்மேல் சுவரை வைத்தோம். உத்தரத்துக்கும் வேருக்கும் ஒரு சாண் இடைவெளி. வேரின் மேல் ஒரு சிறு பாலம், அவ்வளவுதான். செலவு சுவரைத் திரும்பக் கட்டும் செலவைவிடச் சற்றே கூடுதல்.

இனி நடுவதற்கு

கடைசியாகத் தூரம். நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. கரிசலில், மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் வகுப்பறையிலிருந்து தள்ளி நடுங்கள். வேம்புக்கு 15 மீட்டர், புளிக்கு 20 மீட்டர். செவலிலும் சரளையிலும் அதில் பாதி போதும். அரசும் ஆலும் மைதான ஓரத்துக்கே உரியவை. சுற்றுச்சுவரிலிருந்து நடுத்தர மரத்துக்கு மூன்று மீட்டர், பெரிய மரத்துக்கு ஐந்து மீட்டர். இடம் குறைவான பள்ளியில் மாதுளை, சீத்தா, நெல்லி போன்ற சிறு மரங்களை வையுங்கள். பனை வேர் பருப்பதில்லை, சுவரைத் தள்ளாது. ஆனால் காயும் மட்டையும் விழும் இடத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது.

பழைய கட்டடங்களில் கரிசலில்கூட மூன்றடிக் கடைக்கால்தான் இருக்கும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்று 1950களில் உருவாக்கிய அடிவிரிந்த குத்துத்தூண் முறையில் கடைக்கால் மூன்றரை மீட்டர்வரை இறங்கும். புதுக் கட்டடம் வருகிறது என்றால் எந்தக் கடைக்கால் என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். கட்டப்போகும் இடத்தில் ஏற்கெனவே பெரிய மரம் நின்றிருந்தால் அதைப் பொறியாளரிடம் சொல்லுங்கள். வெட்டிய மறுவாரமே வானம் தோண்ட விடாதீர்கள்.

கூட்டம் முடிந்து பள்ளிக்குத் திரும்பியதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். வளாகத்தில் உள்ள ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் ஒரு வரி: என்ன மரம், சுவரிலிருந்து எத்தனை மீட்டர், அது மூத்ததா கட்டடம் மூத்ததா. இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கமே போதும். அன்று என் கையில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் அந்த வகுப்பறைக்குப் பூட்டு விழுந்திருக்காது.